கலைச்சொல் தேவை: நிறுத்திய காசநோய் மருந்தை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பது

வளர்மதி (மண்டபம்) எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மண்டபம் முதல் தொண்டி வரையுள்ள கடலோர ஊர்களில் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காக இரண்டு பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் மூன்று நாளாகச் சிக்கி நிற்கிறேன். மருத்துவர்கள் அதை ‘ரீசேலஞ்ச்’ என்கிறார்கள். மாத்திரையால் ஈரல் பாதிக்கப்பட்டாலோ உடம்பு கடுமையாகத் தடித்தாலோ மருந்துகளை நிறுத்தி, உடம்பு தெளிந்த பிறகு ஒவ்வொரு மருந்தாகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதுதான்.

இதற்குச் சொல் இல்லாததால் ஊரில் பாதிக் கதைதான் பரவுகிறது. ஒருவருக்கு மருத்துவரே மாத்திரையை நிறுத்தினார் என்பது தெருவெல்லாம் தெரிகிறது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்டுவிட்டு, வெறும் அரிப்பு வந்த ஒரு பெண் தானாகவே பதினெட்டு நாள் மாத்திரையைத் தொடாமல் இருந்துவிட்டார். அரிப்புக்கு ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர்ந்திருக்க வேண்டியவர் அவர்.

‘மீளறிமுகம்’ என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “யாருக்கு யாரை அறிமுகம் செய்கிறார்கள்?” என்று கேட்டார்கள். அத்தோடு அதைக் கைவிட்டேன்.

இளங்கோ (பரமக்குடி) எழுதியது:

‘மறுசவால்’ என்று எவரும் எழுதிவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். நோயாளியோடு மருந்து மல்யுத்தம் செய்வதுபோல் இருக்கிறது. ‘மீளூட்டல்’ என் பரிந்துரை. ஊட்டல் நம் சொல், ஒருவர் கையால் கொடுப்பது என்ற பொருளும் அதில் இருக்கிறது.

ஆனால் இந்தச் சொல்லுக்கே தேவை உண்டா? ஈரலைக் கெடுப்பது பைரசினமைடு என்று படித்திருக்கிறேன். அந்த ஒரு மாத்திரையை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றைச் சாப்பிடச் சொல்லிவிடலாமே. இன்னொன்று, சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் அது மஞ்சள் காமாலை, உடனே மாத்திரையை நிறுத்துங்கள் என்று கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

டாக்டர் செய்யது (கீழக்கரை) எழுதியது:

இளங்கோ, கடைசி வரியை மட்டும் தயவுசெய்து எங்கும் அச்சிட்டுவிடாதீர்கள். ரிஃபாம்பிசின் சாப்பிடும் எல்லோருக்கும் சிறுநீர் செம்மஞ்சளாகத்தான் போகும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் அடர்த்தியாகவும் பிறகு வெளுத்தும் தெரியும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். அது மருந்தின் சாயம், நோயல்ல. காமாலையில் சிறுநீர் நாள் முழுவதும் கடுந்தேயிலைச் சாயம்போல் இருக்கும், கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், அதற்குச் சில நாள் முன்பே சோறு பிடிக்காமல் போகும். எனவே நிறத்துக்குக் கண்ணாடியில் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரை அல்ல.

பைரசினமைடு பற்றிச் சொன்னது பாதி சரி. ஈரலைப் பாதிக்கக்கூடியவை மூன்று: பைரசினமைடு, ஐசோனியசிட், ரிஃபாம்பிசின். எத்தாம்புடால் ஒன்றுதான் அநேகமாக விலகி நிற்கிறது. முதல் இரண்டு மாதம் இந்த நான்கும் ஒரே மாத்திரைக்குள் அடைபட்டு வருகின்றன. 46 கிலோ எடையுள்ளவர் தினமும் மூன்று மாத்திரை விழுங்குகிறார் என்றால் அதற்குள் ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம், ஐசோனியசிட் 225, பைரசினமைடு 1200, எத்தாம்புடால் 825. இதில் எதை நகத்தால் சுரண்டி எடுப்பது? மூன்றில் ஒரு மாத்திரையைக் குறைத்தால் நான்கு மருந்தும் ஒருசேரக் குறைகிறது. கிருமி சாகாது, மருந்தை மட்டும் பழகிக்கொள்ளும்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர், மேற்சொன்ன அதே எடை. ஐந்தாவது வாரம் குமட்டல். “பிறந்ததிலிருந்து படகில் கிடக்கிற மனுஷனுக்குக் குமட்டலா?” என்று மனைவிதான் முதலில் சந்தேகப்பட்டார். நான்கு நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மாத்திரையும் தொடர்ந்தது. கண் மஞ்சளான பிறகு என்னிடம் வந்தார்கள். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு ரத்தத்தில் 412. அந்தச் சோதனைக்கூடத்தில் இயல்பின் மேல்வரம்பு 40. வாந்தி, காமாலை போன்ற அறிகுறி இருந்தால் மேல்வரம்பின் மூன்று மடங்கிலும், அறிகுறி இல்லாவிட்டால் ஐந்து மடங்கிலும் நிறுத்துவோம். இவருக்குப் பத்து மடங்கு. நான்கையும் நிறுத்தினேன்.

நிறுத்தினேன் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று பொருளல்ல. வைரஸ் காமாலை இல்லை என்று சோதித்தோம், குடி உண்டா என்று கேட்டோம், வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்தோம். நுரையீரல் நோய் முற்றியிருக்கவில்லை, அதனால் மருந்தில்லாமல் காத்திருக்க முடிந்தது. முற்றியிருந்தால் ஈரலைத் தொடாத வேறு மருந்துக் கூட்டை அந்த இடைவெளியில் கொடுத்திருப்பேன். பதினேழாம் நாள் அளவு 68. இரண்டு மடங்குக்குக் கீழே வந்துவிட்டது. அன்று ரிஃபாம்பிசினும் எத்தாம்புடாலும் தனித்தனி மாத்திரையாகத் தொடங்கினோம். ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம், ஏறவில்லை. ஐசோனியசிட் சேர்ந்தது. மறுபடி ரத்தம், அப்போதும் ஏறவில்லை. பைரசினமைடை நான் திரும்பக் கொடுக்கவே இல்லை. அவ்வளவு கடுமையான காமாலைக்குப் பிறகு அந்தப் பந்தயம் தேவையில்லை. அதற்கு ஈடாக ஆறு மாத சிகிச்சையை ஒன்பது மாதமாக நீட்டினோம்.

தடிப்புக்கு வரிசை வேறு. அங்கே பெரும்பாலும் ஐசோனியசிட்டை முதலில், அதுவும் 50 மில்லிகிராம் என்ற சிறு அளவில் தொடங்கி ஏற்றுவோம். வாயிலும் கண்ணிலும் கொப்புளம், காய்ச்சல், முகவீக்கம் வந்தவரிடம் இந்த விளையாட்டு வேண்டாம், அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை.

வளர்மதி சொன்ன பதினெட்டு நாள் பெண்ணை எண்ணித்தான் எனக்குக் கவலை. நிறுத்துவதைவிட, நிறுத்திவிட்டுத் தானாகவே மறுபடி தொடங்குவதுதான் எனக்குப் பயம். ரிஃபாம்பிசினை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பு அதை எதிரியாக நினைத்துக்கொள்ளும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடம்புவலி வரும். அரிதாக ரத்தத் தட்டணுக்கள் விழும், சிறுநீரகமும் நிற்கும். அப்படி ஆனவருக்கு ஆயுள் முழுக்க அந்த மருந்தைக் கொடுக்க முடியாது. இருப்பதிலேயே வலிமையான மருந்து அதுதான். அவர் பெட்டியில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுப்பதற்கு முன் மையத்துக்கு வரச் சொல்லுங்கள்.

அந்தோணி (தங்கச்சிமடம்) எழுதியது:

டாக்டர் ஐயா, நீங்கள் தடிப்பு என்றதும் எனக்குப் போன வருடம் நினைவுக்கு வந்துவிட்டது. மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது மாதம். ஒரு மதியம் சூரை மீன் குழம்பு சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை பிளந்து, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மாலைக்குள் அடங்கிவிட்டதால் நிறுத்தவில்லை. பத்து நாள் கழித்து அதே மீன், அதே கூத்து. இதையும் ரீசேலஞ்ச் என்பீர்களா? அப்படியானால் நானே எனக்குச் செய்துகொண்டேன்.

சொல் கேட்டீர்களே, தங்கச்சி. புதுப் படகை முதன்முதலாகக் கடலில் இறக்கி ஓட்டிப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். தேருக்கும் அதையே சொல்கிறார்கள். ‘மருந்து வெள்ளோட்டம்’ என்று வையுங்கள், எங்கள் பக்கத்தில் பாட்டிகளுக்கும் புரியும்.

டாக்டர் செய்யது எழுதியது:

அந்தோணி, அது மருந்து ஒவ்வாமை அல்ல, மீன். பிடித்த பிறகு ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடக்கும் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் ஊறும். நல்ல உடம்பு அதைச் சிதைத்துவிடும். சிதைக்கும் நொதியை ஐசோனியசிட் தடுக்கிறது. எதிர்க்கரையில் இலங்கை மருத்துவர்கள் 1970-களிலேயே காசநோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது என்பதுதான் நம் வீடுகளில் யாரும் நம்பாத செய்தி.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் வந்து அன்றைக்கே அடங்கினால், அதுவும் குறிப்பிட்ட மீனுக்குப் பிறகே வந்தால், பெரும்பாலும் இதுதான். மருந்துத் தடிப்பு மாலைக்குள் போகாது, நாள்கணக்கில் பரவும். இருந்தாலும் மையத்தில் சொல்லிவிடுங்கள், மூச்சு முட்டினால் காத்திருக்காதீர்கள். அந்த மீன்களைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிவையுங்கள், மாத்திரையை அல்ல. நீங்கள் சோதித்துப் பார்த்தது சூரையை, மருந்தை அல்ல.

ரஹ்மத்நிஷா (கீழக்கரை) எழுதியது:

மருந்துக் கடையில் இருப்பவள் என்ற முறையில் ஒரு வார்த்தை, செய்யது காக்கா. தனித்தனி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் சீட்டு இல்லாமலும் வருகிறார்கள். “ஈரலுக்கு ஆகாததை விட்டுவிட்டு எத்தாம்புடால் மட்டும் கொடுங்கள்” என்று போன வாரம் ஒருவர் கேட்டார். இந்த மடலைப் படித்தபின்தான் அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. ஒற்றை மருந்து கிருமியை வளர்க்கத்தான் செய்யும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கையேட்டில் அந்த வரியும் வேண்டும்.

இளங்கோ எழுதியது:

சிறுநீர் விஷயத்தில் தவறை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மருந்து வெள்ளோட்டம்’ ஏற்க முடியாது. புதிய மருந்தை மனிதரிடம் சோதிக்கும் ஆய்வுக்கே அது பொருந்தும். நோயாளி தன்னைச் சோதனை எலியாக நினைத்துப் பயந்து ஓடுவார். ‘மீளூட்டல்’ நிற்கட்டும்.

வளர்மதி எழுதியது:

‘மீளூட்டல்’ என்று அம்மாவிடம் சொன்னேன். “பால்மறந்த பிள்ளைக்கா?” என்றார்கள். மன்னியுங்கள், இளங்கோ.

சொல்லைவிட ஒரு வாக்கியம் என்னை அதிகம் உறுத்துகிறது. “நீங்களாக நிறுத்தாதீர்கள்” என்று மட்டும் எழுதினால், டாக்டர் ஐயா சொன்னவரைப்போல் கண் மஞ்சளாகும்வரை விழுங்கிக்கொண்டே இருப்பார்கள். “நிறுத்துங்கள்” என்று எழுதினால் அரிப்புக்கும் நிறுத்துவார்கள். எனவே இப்படி எழுதியிருக்கிறேன்: “கண் மஞ்சளானால், நிற்காமல் வாந்தி வந்தால், வாயில் கொப்புளம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வாருங்கள். மற்ற எதற்கும் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து கேளுங்கள்.” நாளை வருகிறேன் என்பதற்கு இதில் இடமில்லை. கடலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதற்கும்தான். சரியா, ஐயா?

டாக்டர் செய்யது எழுதியது:

சரி. முதல் பட்டியலில் சில நாளாகச் சோறு பிடிக்காமல் போவதையும், காய்ச்சலோடு வரும் தடிப்பையும் சேருங்கள். சோறு பிடிக்காததைக் காசநோய்க்காரர்கள் நோயின் குணம் என்று விட்டுவிடுவார்கள். தொடக்கத்தில் பசி திரும்பி, பிறகு மறுபடி போனால் அதுதான் எச்சரிக்கை.

அந்தோணி எழுதியது:

இளங்கோ தம்பி சொன்னதை இரவில் யோசித்தேன். நியாயம்தான். வெள்ளோட்டம் புதுப் படகுக்கு மட்டும். பழுது பார்த்த படகை இறக்கும்போது அந்தச் சொல்லை நாங்களும் சொல்வதில்லை, ‘ஓட்டம் பார்ப்பது’ என்போம். முதலில் கரையோரம், அடைப்பு ஒழுகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் உள்ளே. இயந்திரம் சரியில்லை என்றால் அன்றைக்கே திருப்பிவிடுவோம்.

வளர்மதி எழுதியது:

‘மருந்தோட்டம் பார்த்தல்’ என்று முதல் பக்கத்திலும் ‘ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குதல்’ என்று இரண்டாம் பக்கத்திலும் போட்டு, திங்கட்கிழமை மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் படித்துக் காட்டப்போகிறேன். ‘மருந்தோட்டம்’ காதில் ‘மருந்துத் தோட்டம்’ என்று விழுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அப்படித்தான் விழுந்தது.