தீப்பாதுகாப்புச் சான்றிதழ் யாரிடம் எடுப்பது? (முல்லைத்தீவு மாவட்டம்)

வணக்கம். ஏ9 வீதியோரம் சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்று நடத்துகிறேன். போன வருட வியாபார அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கொடுத்தபோது தீப்பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். எங்கள் பிரதேச சபையிடம் தீயணைப்புப் பிரிவே இல்லை. யாரிடம் எடுப்பது என்று கேட்டால் தெளிவான பதில் வரவில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமையலறை, கிணறு, ஆட்களின் மருத்துவச் சான்றிதழ் எல்லாம் பார்த்தார், குறை சொல்லவில்லை. 12.5 கிலோ காஸ் சிலிண்டரை வெளியே கம்பிக்கூட்டுக்குள் வைத்து, குழாயையும் புதிதாக மாற்றினேன். உலர்தூள் தீயணைப்பான் கதவோரம் தொங்குகிறது, முள் பச்சையில்தான் நிற்கிறது. கொத்து ரொட்டித் தட்டுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் அருகில் தீப்போர்வையும் உண்டு. 2016இல் கிளிநொச்சிச் சந்தை எரிந்ததைப் பார்த்தவன், இதில் விளையாடமாட்டேன். வாங்கிய பற்றுச்சீட்டுகளை விண்ணப்பத்தோடு இணைத்தும் கோப்பு நகரவில்லை.

பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது நடப்பு வருட அனுமதிப்பத்திரத்தைத்தான். என்னிடம் கட்டணப் பற்றுச்சீட்டு மட்டுமே இருக்கிறது.

தீயணைப்புப் பிரிவு இல்லாத சபை எல்லைக்குள் கடை வைத்திருப்பவர்கள், இந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் எடுத்தீர்கள்?