வீட்டு ஓனருக்கு அனுப்பப்போகும் மெசேஜ்: தப்பாகப் படுமா? பார்த்துச் சொல்லுங்கள்

மாடிவீட்டு முரளி
அவசரம். இன்று ராத்திரிக்குள் ஓனருக்கு இதை அனுப்பியாக வேண்டும். நான் எழுதுவதெல்லாம் திமிராக இருக்கிறது என்கிறாள் மனைவி. எந்த இடம் என்று கேட்டால் "மொத்தமுமே" என்கிறாள். வாங்குகிறவர் இடத்தில் இருந்து படித்துப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு என் குரல்தான் கேட்கிறது.

"வணக்கம் சார். வீட்டைக் காலி செய்வதாக ஏற்கனவே சொல்லியிருந்தேன். அடுத்த ஞாயிறு சாவி கொடுக்கிறோம். இந்தத் தடவையாவது அட்வான்ஸ் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெயின்ட் அடித்த காசைக் கழித்துவிட்டு மீதியைக் கொடுத்தால் போதும். மோட்டார் ரிப்பேர் பணமும் இன்னும் வரவில்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை. உடனே பதில் தரவும்."

எங்கே உதைக்கிறது?

சரவணன் ஆவடி
ஓனருக்கு என்ன வயது? எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறீர்கள்? அட்வான்ஸ் எவ்வளவு? வாட்ஸ்அப்பா, கடிதமா? ஒன்றுமே சொல்லாமல் எப்படிப் பார்ப்பது?

கோமதி_88
மரியாதை வார்த்தை பத்தாது, அவ்வளவுதான். இப்படிப் போடுங்கள்: "மதிப்பிற்குரிய ஐயா, தயவுசெய்து தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது அட்வான்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துச் செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் 🙏🙏". யாருக்கும் கோபம் வராது.

பேனாமூடி
இந்தக் குழுவில் பத்து வருஷமாக இதே கூத்தைப் பார்க்கிறேன். பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? எழுவாய் எங்கே, செயப்படுபொருள் எங்கே? "அடித்த காசு" என்றால் காசா அடித்தது? முதலில் வாக்கியம் எழுதப் பழகுங்கள், திமிரை அப்புறம் பார்க்கலாம்.

சட்டம் பேசுவோம்
மெசேஜ் எதற்கு? 2017 வாடகைச் சட்டப்படி 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது. அதை ஒரு வரி போடுங்கள், பணம் தானாக வரும்.

சரவணன் ஆவடி
ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால்தான் அந்த 3 மாதம். பாதியைச் சொல்லி ஆளைக் கிளப்பிவிடாதீர்கள். அவர் கேட்டது மெசேஜைப் பற்றி, நீங்கள் நோட்டீஸ் விடச் சொல்கிறீர்கள்.

கவிதா சு.
வங்கியில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலையில் ரொம்ப வருஷம் இருந்தேன். திருத்துவதற்கு முன் மூன்று கேள்வி. அவரோடு கடைசியாக எப்போது, என்ன பேசினீர்கள்? இந்த மெசேஜை அவர் மட்டும்தான் படிப்பாரா? பெயின்ட் அடித்தது யார்?

மின்னல்
பெயின்ட் கேள்வி எதற்கு? காலி பண்ணும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்குப் பிடிப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்கிறார்.

கோமதி_88
நான் அப்படிப் படிக்கவில்லையே. ஓனர் ஏற்கனவே அடித்துவிட்டார், அந்தச் செலவைக் கழிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மாடிவீட்டு முரளி
இரண்டுமே இல்லை! போன வருஷம் ஹாலுக்கு நாங்கள்தான் அடித்தோம், 9,000 ஆனது. போனில் கேட்டபோது "அடிச்சுக்கோங்க" என்றார். அக்ரிமென்ட்படி பெயின்ட்டுக்கு அவர் ஒரு மாத வாடகை 14,000 பிடிக்கலாம். அதில் எங்கள் 9,000-ஐக் கழிக்க வேண்டும் என்பதுதான் அந்த வரி. அட்வான்ஸ் 80,000. மோட்டார் ரிப்பேர் மே மாதம், 3,400, பில் இருக்கிறது. ஆறு வருஷமாக இருக்கிறோம். அவருக்கு எழுபது இருக்கும். அட்வான்ஸ் பற்றி இரண்டு தடவை போனில் கேட்டேன், "பார்த்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். பணம் சம்பந்தப்பட்டது எதுவானாலும் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஃபார்வர்டு பண்ணிவிடுவார். வாட்ஸ்அப்தான்.

கவிதா சு.
இதில் பாதிகூட மெசேஜில் இல்லை. உங்களுக்குக் கதை தெரியும் என்பதால்தான் உங்கள் குரல் கேட்கிறது, விட்ட இடத்தையெல்லாம் மனசே நிரப்பிக்கொள்கிறது. அதனால் ஓனரை விடுங்கள், மகனாக உட்கார்ந்து படியுங்கள். வேலை முடிந்து ரயிலில் போகிறார், அப்பா ஃபார்வர்டு பண்ணியது வருகிறது. யாரோ ஒருவர் வீட்டைக் காலி பண்ணுகிறார் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் அவருக்கு என்ன கேள்வி எழும் என்று ஓரத்தில் குறியுங்கள். பதிலை இப்போது எழுத வேண்டாம்.

"அடுத்த ஞாயிறு": இன்று செவ்வாய், ஆகஸ்ட் 5. 10-ஆம் தேதியா, 17-ஆ? அவர் 10 என்று நினைத்து 11-ஆம் தேதிக்குப் பெயின்டரை வரச் சொல்லிவிட்டால், உங்கள் கட்டில் இன்னும் உள்ளேதான் இருக்கும். "பெயின்ட் அடித்த காசு": யார் அடித்தது, எதிலிருந்து எதைக் கழிப்பது? இங்கேயே மின்னல் ஒன்று சொன்னார், கோமதி ஒன்று சொன்னார், நீங்கள் மூன்றாவது சொல்கிறீர்கள். மின்னல் சொன்னபடி பார்த்தால் மோட்டார் பணத்தையும் சேர்த்து உங்களுக்கு வருவது 69,400. நீங்கள் நினைத்தபடி 78,400. அந்த ஒரு வரியில் 9,000 ரூபாய் இருக்கிறது. மோட்டார் வரியில் தொகையும் இல்லை, மாதமும் இல்லை.

இது முதல் சுற்று. அடுத்த சுற்றில் அதையே சத்தம் போட்டுப் படியுங்கள், உங்கள் மேல் ஏற்கனவே எரிச்சலில் இருக்கும் ஆள் படிப்பதுபோல. பணம் கேட்டு வரும் மெசேஜை யாரும் சிரித்த முகத்தோடு திறப்பதில்லை. சாதாரண வரி அந்தக் குரலில் படித்தாலும் சாதாரணமாகத்தான் இருக்கும், "17-ஆம் தேதி சாவி தருகிறோம்" என்பதை எப்படிக் கத்தினாலும் திட்டாக மாறாது. ஆனால் "இந்தத் தடவையாவது" அப்படியில்லை. போன இரண்டு தடவையும் மழுப்பினீர்கள் என்கிறது அந்த "ஆவது". "ஏற்கனவே சொல்லியிருந்தேன்" என்பதற்கும் அதே கதி. "கொடுத்தால் போதும்" என்று நீங்கள் பணிவாக எழுதியிருக்கலாம், அவருக்கு "அதையாவது கொடு" என்று கேட்கும். "உங்களுக்குத் தெரியாதது இல்லை" என்பது வேறு இடத்தில் மரியாதை. வராத பணத்துக்குப் பக்கத்தில் வைத்தால், தெரிந்தே தரவில்லை என்றாகிவிடுகிறது. "பதில் தரவும்" நோட்டீஸ் போர்டு பாஷை.

கோமதி எழுதியதில் யாருக்கும் கோபம் வராது, உண்மை. மகனாக அதையும் படித்துப் பாருங்கள். எவ்வளவு, எப்போது என்று எதுவுமே இல்லை. "பார்த்துச் செய்கிறோம்" என்று பதில் போட்டுவிட்டுப் போனை வைத்துவிடலாம். அந்தப் "பார்த்துக்கலாம்" பதிலுக்காகத்தானே இரண்டு தடவை அலைந்தீர்கள்?

கோமதி_88
அது சரி. ஆனால் பெரியவருக்கு "ஐயா" போடுவதில் என்ன தப்பு? 🙏

கவிதா சு.
தப்பே இல்லை. ஆறு வருஷமாக "சார்" என்று கூப்பிட்டவர் திடீரென்று "மதிப்பிற்குரிய ஐயா" என்றால்தான் ஏதோ வில்லங்கம் என்று தோன்றும். வாயால் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே இருக்கட்டும்.

தினேஷ் கோவை
ஒரு சின்ன விஷயம். அதை முதலில் உங்கள் நம்பருக்கே அனுப்பி, திறக்காமல் நோட்டிஃபிகேஷனில் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். இப்போது அங்கே தெரிவது "ஏற்கனவே சொல்லியிருந்தேன்". அப்புறம் கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். "எவ்வளவு பணம், எந்தத் தேதி" என்று கேளுங்கள், திணறினால் தெரிந்துவிடும். என் தங்கை கல்யாணத்துக்குச் சித்தப்பாவுக்கு "நேரம் இருந்தால் வாருங்கள்" என்று அனுப்பினேன். கூப்பிட மனசில்லாமல் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டார், இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

பேனாமூடி
நோட்டிஃபிகேஷன் பார்த்துக் கடிதம் எழுதும் காலம். விளங்கும்.

கவிதா சு.
முரளி, நானாக இருந்தால் இப்படி அனுப்புவேன்:

"வணக்கம் சார். ஆகஸ்ட் 17, ஞாயிறு காலை வீட்டைக் காலி செய்து சாவி தருகிறோம். அன்றைய ரீடிங் வரைக்கும் ஈபி பணத்தைக் கட்டிவிடுகிறோம். அட்வான்ஸ் கணக்கு நான் போட்டுப் பார்த்தது இது, தப்பிருந்தால் சொல்லுங்கள். அட்வான்ஸ் 80,000. அக்ரிமென்ட்படி பெயின்ட்டுக்கு 14,000. போன வருஷம் உங்களிடம் கேட்டுவிட்டு ஹாலுக்கு நாங்கள் அடித்த செலவு 9,000, அதைக் கழித்தால் பெயின்ட்டுக்கு 5,000. மே மாதம் மோட்டார் ரிப்பேருக்கு நாங்கள் கொடுத்தது 3,400, பில் படம் கீழே இருக்கிறது. எங்களுக்கு வருவது 78,400. ஹால் செலவைக் கழிப்பது பற்றி நாம் இதுவரை பேசவில்லை, உங்களுக்குச் சம்மதமா? சாவி தரும் அன்றே பணம் தர வசதிப்படுமா, வேறு தேதியா? வெள்ளிக்கிழமை, 8-ஆம் தேதிக்குள் சொன்னால் வண்டி ஏற்பாட்டுக்கு உதவியாக இருக்கும்."

மின்னல்
மெசேஜ் நல்லாத்தான் இருக்கிறது, கணக்குதான் நியாயமில்லை. போன வருஷம் அடித்த ஹாலை அடுத்த வாடகைக்காரருக்காகத் திரும்ப அடிக்கத்தானே போகிறார்? இவர் ஆசைக்கு அடித்ததை எதற்குக் கழிக்க வேண்டும்?

சரவணன் ஆவடி
ஆறு வருஷம் வாடகை வாங்கியவர் சுவருக்கு ஒரு கோட்டிங்கூட அடிக்கவில்லையே, அது நியாயமா? அதற்கு மேல் ஒரு மாத வாடகை வேறு. எங்கள் தெருவில் அடிக்காமலே பிடித்துக்கொண்டார் ஒருவர்.

மின்னல்
அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடும்போது படித்திருக்க வேண்டும்.

சட்டம் பேசுவோம்
அதனால்தான் சட்டத்தைப் போடச் சொன்னேன்.

கவிதா சு.
9,000 நியாயமா என்பது எனக்குத் தெரியாது, அது அவர்கள் இரண்டு பேருக்குள். மெசேஜைத் திருத்தி அதைத் தீர்க்க முடியாது. முன்னால் அந்த வரி புரியாமல் இருந்ததால் பிரச்சினை மறைந்திருந்தது, இப்போது ஓனருக்கு அது கண்ணில் படும், மறுத்தாலும் மறுக்கலாம். சாவி தரும் அன்று வாசலில் நின்று தெரிந்துகொள்வதற்கு இப்போதே தெரிந்துகொள்ளட்டும். சட்டத்தை முதல் மெசேஜில் போட்டால் மகன் பார்வைக்கு மொத்தமும் மிரட்டலாகிவிடும். பணம் வராவிட்டால் அப்புறம் இருக்கவே இருக்கிறது.

கோமதி_88
நேரில் போய்ப் பேசிவிட்டால் இவ்வளவு தேவையா?

தினேஷ் கோவை
பேசட்டும். பேசியதை அன்றைக்கே எழுதி அனுப்பவும் செய்யட்டும். "பார்த்துக்கலாம்" போனில்தானே வந்தது.

மாடிவீட்டு முரளி
அனுப்பிவிட்டேன். கவிதா அக்கா எழுதியதுதான், ஈபி வரியை மட்டும் கடைசிக்கு மாற்றினேன். மைத்துனனிடம் காட்டினேன், தொகையும் தேதியும் சரியாகச் சொன்னான். ஓனரிடமிருந்து "ஓகே" என்று மட்டும் வந்தது. எல்லோருக்கும் நன்றி.

சரவணன் ஆவடி
எதற்கு ஓகே? தேதிக்கா, 78,400-க்கா?

பேனாமூடி
மூன்று கேள்வியை ஒரே மெசேஜில் போட்டால் ஒரு ஓகேதான் வரும்.

கவிதா சு.
பேனாமூடி சொல்வது சரிதான். முரளி, பணத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள்: "சார், 78,400 சரிதானே, ஹால் செலவு 9,000-ஐக் கழித்தது உட்பட?" அந்த ஒரு வரி மட்டும்.

மின்னல்
முரளி? என்ன சொன்னார்?