"வெற்றி 3–2 கவாசாகி": அரபு ஆட்ட அட்டவணையில் ஏமாந்த கதைகள்

உறையூர்க்காரன்

2025 ஏப்ரலில் நடந்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலீட் கால்பந்தில் காலிறுதியிலிருந்து எல்லா ஆட்டமும் ஜித்தாவில்தான். அண்ணன் அங்கே வேலையில் இருக்கிறான். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நம் டர்ஃப் குழுவுக்குத் தமிழில் எழுதிப் போடுவோம் என்று உட்கார்ந்தேன்.

போனில் மொழிபெயர்த்தால் "பிறை – குவாங்ஜு", "தேசியம் – புரிராம்", "வெற்றி – யோகோகாமா", "கவாசாகி – அணை" என்று வந்தது. பிறை ஹிலால், வெற்றி நஸ்ர் என்று ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டேன். தேசியம் அஹ்லி. அணைதான் புரியவில்லை. கத்தாரின் அல் சத் என்று அண்ணன் சொன்ன பிறகே தெரிந்தது.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. டியூப்லைட் வெளிச்சம் பட்டதில் தேதிகளைப் போன் விட்டுவிட்டது. நானே படித்தேன். இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். வட்டம் என்றால் பூஜ்யம்தானே? முதல் ஆட்டம் ஏப்ரல் 20 என்று போட்டேன். அன்று ஈஸ்டர். சர்ச்சுக்குப் போய் வந்த பையன்கள் விருந்தைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் மாடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். டிவியில் ஒன்றும் இல்லை.

அந்த வட்டம் அரபியில் 5. ஆட்டம் 25ஆம் தேதி. இப்படி மாட்டிக்கொண்டவர் வேறு யாராவது உண்டா?

ஓட்டைக் கையுறை

எந்த ஆப் பயன்படுத்தினீர்கள் பிரதர்? என்னுடையதில் எல்லாம் கரெக்டாக வருகிறது.

உறையூர்க்காரன்

தேதியைப் படித்தது ஆப் இல்லை, நான்.

தம்மாம் அச்சகம்

தம்பி, பதினோரு வருடம் அச்சகத்தில் அரபி–ஆங்கில நோட்டீஸ் கோர்த்தவன் நான். உங்கள் வட்டம் எல்லோரையும் ஒருமுறையாவது கவிழ்க்கும். அரபியில் பூஜ்யம் வெறும் புள்ளி. மங்கலான படத்தில் அது தூசி மாதிரி மறைந்துவிடும், 30 என்பது 3 ஆகிவிடும். அரையிறுதி ஒன்று ஏப்ரல் 30, இறுதி ஆட்டம் மே 3. இந்த இரண்டு தேதியையும் புள்ளி இல்லாமல் படித்துப் பாருங்கள், தலை சுற்றும். ஏழும் எட்டும் இன்னொரு ஜோடி. முனை கீழே இருந்தால் 7, மேலே இருந்தால் 8. படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் 7 மணி ஆட்டம் 8 மணிக்குப் போய்விடும்.

நான் எண்ணை நம்புவதே இல்லை, பக்கத்தில் உள்ள கிழமையைத்தான் முதலில் பார்ப்பேன். உங்கள் படத்தில் அந்த வரியில் "ஜும்ஆ" என்று இருந்திருக்கும். அரபி தெரியாவிட்டாலும் வெள்ளிக்கிழமை என்று நமக்குப் புரியும் சொல். 2025 ஏப்ரல் 25 வெள்ளி, 20 ஞாயிறு. காலண்டரைத் திறந்திருந்தால் ஈஸ்டர் பிரியாணி ஆறியிருக்காது.

சேலம் ராக்கெட்

இதற்கெல்லாம் ஒரே விதி: அரபி வலமிருந்து இடம். எண்களையும் அப்படியே திருப்பிப் படித்தால் போதும்.

தம்மாம் அச்சகம்

பாதி சரி. வரிசையாகக் கட்டம் போட்டிருந்தால் முதல் கட்டம் வலப்பக்கம்தான். ஆனால் ஒரு எண்ணுக்குள் இலக்கங்கள் நம்மைப் போலவே இடமிருந்து வலம். 25ஐத் திருப்பினால் 52ஆம் தேதிக்குப் போவீர்கள்.

ஸ்கோரில்தான் சிக்கல். அந்த அரையிறுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நஸ்ர் வலப்பக்கம், அதை ஒட்டி 2. கவாசாகி இடப்பக்கம், அதை ஒட்டி 3. கவாசாகி ஜெயித்தது.

உறையூர்க்காரன்

அண்ணே, நீங்கள் அதைத் தொட்டுவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பேப்பர் துண்டு ஒன்றையும் அண்ணன் அனுப்பினான். போன் அணிப் பெயர்களை நம் வழக்கத்துக்கு மாற்றி இடமிருந்து வலமாகப் போட்டது. நடுவில் இருந்த எண்களை மட்டும் கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே விட்டுவிட்டது. கிடைத்தது: "வெற்றி 3–2 கவாசாகி". அணியின் பெயரே வெற்றி, பக்கத்தில் 3. யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ரொனால்டோ ரசிகர்கள் குழுவில் வெடி எமோஜியாகக் கொட்டினார்கள். நானும் ஒன்று போட்டேன்.

தம்மாம் அச்சகம்

அதனால்தான் ஸ்கோரை எண் எண்ணாக எழுதாமல், அணியோடு சேர்த்து "கவாசாகி 3, நஸ்ர் 2" என்று எழுதுவேன். அப்புறம் அடுத்த சுற்றைப் பார்ப்பேன். இறுதியில் ஆடியது அஹ்லியும் கவாசாகியும். நஸ்ர் ஜெயித்திருந்தால் அங்கே இருந்திருக்க வேண்டுமே.

சுற்றுப் பெயரிலும் ஒரு பள்ளம் உண்டு. "தவ்ருஸ் ஸமானியா" என்று இருந்தால் எட்டு அணிகள் மிஞ்சிய சுற்று, அதாவது காலிறுதி. எட்டாவது சுற்று இல்லை. லீக் ஆட்டங்களின் எட்டாவது சுற்றுக்கு "ஜவ்லா" என்று வேறு சொல் இருக்கிறது. போன் இரண்டையும் "சுற்று 8" என்றே கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

கமுதி ரைடர்

எனக்கு அரபி தெரியாது. எங்கள் ஊர் கபடி நோட்டீஸைக் கர்நாடகாவிலிருந்து வரும் அணி படம் பிடித்து மாற்றிப் படித்தது. நோட்டீஸில் பெரிய எழுத்தில் "காலை 9 மணி" என்று இருந்தது எடை பார்க்கும் நேரம். அவர்கள் அதையே ஆட்ட நேரம் என்று நினைத்து, 9 மணிக்குப் போனால் போதும் என்று வழியில் நன்றாக டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு பேர் எடை தாண்டிவிட்டார்கள். இது இங்கே பொருந்துமா தெரியவில்லை, சொல்லத் தோன்றியது.

உறையூர்க்காரன்

பொருந்துகிறது அண்ணே. எந்த வேலைக்கான மணி என்று நானும் பார்த்ததில்லை.

அக்கரைப்பற்று நானா

மணி என்றதும் என் கதை. நான் தோஹாவில் இருந்தேன், அணை என்று வந்ததே, அந்த சத் எங்கள் பக்கத்து டீம்தான். ஊரில் இருக்கும் மச்சானுக்கு எப்போதும் இரண்டரை மணி நேரம் கூட்டிச் சொல்வேன். சவூதிக்கும் கத்தாருக்கும் ஒரே நேரம், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம், அதனால் கணக்குப் பிழைத்ததே இல்லை. ஒருநாள் துபாயில் இருக்கும் சிநேகிதன் அனுப்பிய படத்தைப் பார்த்து அதே இரண்டரையைக் கூட்டினேன். படத்தில் 8.30. மச்சானுக்கு 11 மணி என்றேன். அவன் டிவியைப் போட்டபோது முதல் பாதி முடிந்தே போயிருந்தது. அடியில் பொடி எழுத்தில் "எமிரேட்ஸ் நேரம்" என்று இருந்திருக்கிறது. அங்கிருந்து ஊருக்கு ஒன்றரை மணிதான் கூட்ட வேண்டும், 10 மணி ஆட்டம்.

நோன்பு மாதத்தில் இன்னும் கவனம். சவூதியில் இரவு 10 மணிக்கு ஆட்டம் என்றால் ஊரில் பன்னிரண்டரை, தேதி மாறிவிடும். வியாழன் ஆட்டம் என்று எழுதினால் மச்சான் புதன் ராத்திரி முழித்திருப்பான். "வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி" என்று எழுதிப் பழகினேன்.

சேலம் ராக்கெட்

சரி, மணிக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்து வருகிறதே, அது என்ன? தேதிக்குப் பின்னாலும் அதே எழுத்தைப் பார்த்தேன்.

தம்மாம் அச்சகம்

மீம். மணிக்குப் பின்னால் வந்தால் மாலை. வருடத்துக்குப் பின்னால் வந்தால் ஆங்கில வருடம் என்று அர்த்தம், ஹிஜ்ரிக்கு ஹா எழுத்துப் போடுவார்கள். காலைக்கு ஸாத்.

உறையூர்க்காரன்

பெயர் விஷயம் இன்னும் எனக்குத் தீரவில்லை. "அஹ்லி" என்று மட்டும் எழுதினால் எங்கள் குழுவில் பாதிப் பேர் கெய்ரோ டீம் என்கிறார்கள். "ஜித்தா அஹ்லி" என்று எழுதினால் படத்தில் அப்படி இல்லையே என்று அண்ணன் திட்டுகிறான்.

அக்கரைப்பற்று நானா

ஊர்ப் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள். அண்ணன் ஜித்தாவில் இருக்கிறார், அவருக்கு அது தேவைப்படாது.

தம்மாம் அச்சகம்

நான் சேர்க்க மாட்டேன். படத்தில் இல்லாததை மேலே எழுதாமல், அடியில் ஒரு வரி போடுவேன்.

ஓட்டைக் கையுறை

ஆப் பெயர் கடைசி வரை சொல்லவே இல்லையே.