உலைச் சுவருக்கு வெளியே கம்பளி போர்த்தினோம், ஷெல் வளைந்தது: உங்கள் அனுபவம் என்ன?

ஆவாரம்பூ:
எங்கள் பட்டறையில் எண்ணெயில் எரியும் வெப்பச் சிகிச்சை உலை ஒன்று இருக்கிறது. உள்ளே 950 டிகிரி. சுவரில் உள்பக்கம் 230 மி.மீ. ஃபயர் பிரிக், அதன் பின்னால் 115 மி.மீ. இன்சுலேஷன் பிரிக், கடைசியில் 6 மி.மீ. இரும்பு ஷெல். பக்கச் சுவர்கள் மொத்தம் 20 சதுர மீட்டர். ஷெல்லின் வெளிப்புறம் 120 டிகிரி இருந்தது. ஒரு பையன் முழங்கையைச் சுட்டுக்கொண்டான். "இதைக் குறையுங்கள்" என்று மேலிடம் சொன்னது.

பொங்கல் விடுமுறையில் ஷெல்லுக்கு வெளியே 50 மி.மீ. ராக் வூல் கம்பளி போர்த்தி, மேலே அலுமினியத் தகடு அடித்தோம். வெளிப்புறம் 95க்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. கை பட்டால் இன்னும் சுடும், ஆனாலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முதல் வாரம் எதோ கருகும் வாடை வந்தது. புது பெயின்ட் என்று நினைத்து விட்டுவிட்டோம்.

ஐந்தாவது மாதம் பர்னர் தட்டின் போல்ட்டுகள் தளர்ந்தன. கதவு சரியாக உட்காரவில்லை. தகட்டைப் பிரித்துப் பார்த்தால் ஷெல் தொப்பை போட்டிருக்கிறது. இரும்பு கருநீலமாகி, விரலால் தேய்த்தால் செதில் உதிர்கிறது. இரும்பை ஒட்டியிருந்த கம்பளியின் பிசின் எரிந்து, தூளாகக் கொட்டுகிறது.

வெளியே 95 டிகிரிதானே காட்டியது, இரும்பு எப்படி வெந்தது? கம்பளியின் தடிமனை நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வெள்ளித் தகடு:
கம்பளியே வேண்டாம் மேடம். நாங்கள் ஷெல்லுக்கு அலுமினியம் பெயின்ட் அடித்தோம். துப்பாக்கித் தெர்மாமீட்டரில் 120 காட்டிய இடம் மறுநாளே 95 ஆனது. வெள்ளி நிறம் வெப்பத்தை வெளியே விடாது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். செலவு இரண்டு டப்பா பெயின்ட்தான்.

சூளைத்தாத்தா:
தங்கச்சி, நான் உலைக்குச் செங்கல் கட்டுவதிலேயே 31 வருடம் போக்கியவன். உன் கதையைப் படித்ததும் என் பழைய பாவங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

ஒரு தாளை எடுத்துக்கொள். சுவரின் ஒவ்வொரு அடுக்கும் வெப்பத்தின் வழியில் ஒரு தடை. தடிமனை மீட்டரில் எழுதி, அந்தப் பொருளின் கடத்தும் திறனால் வகு. ஃபயர் பிரிக்குக்கு 1.2 என்று வைத்தால் 0.19 வரும். இன்சுலேஷன் பிரிக்குக்கு 0.25 வைத்தால் 0.46. இரும்பின் தடை கணக்கில் வராத அளவு சிறியது. கடைசியாக ஷெல்லிலிருந்து காற்றுக்குப் போகும் படி: காற்றோட்டமும் கதிர்வீச்சும் சேர்ந்து டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வை, தடை 0.067. கூட்டினால் 0.72. உள்ளே 950, கொட்டகையில் 35, வித்தியாசம் 915. வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,270 வாட். அது அந்தக் கடைசித் தடையைத் தாண்ட 85 டிகிரி வேண்டும். 35-ஐக் கூட்டினால் 120. உன் தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை.

இப்போது ஷெல்லுக்கு வெளியே கம்பளியைச் சேர். சூட்டில் ராக் வூலின் கடத்தும் திறன் ஏறும். விற்பவன் தாளில் இருப்பது மிதமான சூட்டின் எண், அதை நம்பாதே. நான் 0.09 வைக்கிறேன். 50 மி.மீ.க்குத் தடை 0.56. வெளிமேனி கொஞ்சம் குளிர்ந்ததால் காற்றுக்குப் போகும் தடையும் 0.083 ஆகிறது. மொத்தம் 1.29. வெப்ப ஓட்டம் 710 வாட்டாகக் குறைந்துவிட்டது. வெளியே 94 டிகிரி. இதுவரை எல்லாம் நல்ல செய்தி.

ஆனால் அந்த 710 வாட் இரண்டு செங்கல் அடுக்குகளைக் கடக்க முன்போல 830 டிகிரி செலவழிக்கத் தேவையில்லை. 460 டிகிரியே போதும். 950-இல் 460 போனால் 490. உன் ஷெல் அந்த 490 டிகிரியில்தான் ஐந்து மாதம் நின்றது. சாதாரண இரும்புக்கு 400 தாண்டினாலே பலம் இறங்கும், பின் செதில் கட்டும். முதல் வாரம் வந்த வாடை கம்பளிப் பிசின் எரிந்த வாடை. அன்றே ஒரு மூலையைப் பிரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

செங்கல்லையும் கவனி. இரண்டு செங்கல்லும் சந்திக்கும் இடம் முன்பு 706 டிகிரியில் இருந்தது, கம்பளிக்குப் பின் 814. உன் இன்சுலேஷன் பிரிக் எந்த ரகம் என்று பார்த்துக்கொள்.

வெள்ளித் தகடு தம்பி, நீ சொன்னதில் பாதி சரி. அலுமினியம் பெயின்ட் கதிர்வீச்சைக் குறைக்கும், வெப்ப இழப்பும் நூற்றுக்கு மூன்று நான்கு குறையும். ஆனால் வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டால் ஷெல் சூடாகும், குளிராது. என் கணக்கில் உன் ஷெல் 140க்கு மேல் இருக்க வேண்டும். துப்பாக்கி கதிர்வீச்சைத்தான் பார்க்கிறது, அதுவும் பரப்பின் கதிர்வீசும் திறன் 0.95 என்று வைத்துக்கொண்டு. வெள்ளிப் பரப்பு குறைவாகக் கதிர்வீசுவதால் 95 காட்டி ஏமாற்றுகிறது. உள்ளங்கை அகலத்துக்கு மங்கலான கறுப்புப் பெயின்ட் அடித்து, அந்த இடத்தில் அளந்து பார்.

நானே ஒருமுறை மேஸ்திரியிடம் வீம்புக்கு உலைக்கு எதிரே பெரிய ஃபேன் வைத்து, ஷெல்லை 80-க்கு இறக்கிக் காட்டினேன். பிறகு கணக்குப் போட்டால் இழப்பு ஐந்து சதவீதம் கூடியிருக்கிறது. தொட்டுப் பார்க்கும் சூடு வேறு, அறைக்குள் போகும் வெப்பம் வேறு.

வெள்ளித் தகடு:
நாளை கறுப்புப் பெயின்ட் அடித்துப் பார்க்கிறேன் ஐயா. 140 வந்தால் இங்கே எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுவேன்.

ரொட்டிக்கடை மாமா:
எங்கள் பேக்கரியில் விறகு அடுப்பு. மேல் வளைவின் மீது ஒரு அடிக்கு மணல் கொட்டி வைத்திருக்கிறோம். காலையில் எரித்துக் கங்கை வாரிவிட்டால் மாலை வரை ரொட்டி வேகும். சுவர் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்று என் மாமனார் சொல்வார். நீங்கள் ஏன் இன்னொரு வரிசைச் செங்கல் வைக்கக் கூடாது?

சூளைத்தாத்தா:
மாமா, உங்கள் அடுப்புக்கு உங்கள் மாமனார் சொன்னது சரி. உங்களுக்குச் சூட்டைச் சேமித்து வைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் சூடு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். கனமான செங்கல் ஓரளவுதான் தடுக்கும், ஆனால் நிறையக் குடிக்கும். 230 மி.மீ. ஃபயர் பிரிக் சதுர மீட்டருக்கு 460 கிலோ. அதைச் சராசரியாக 790 டிகிரி ஏற்ற நூறு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதே சதுர மீட்டர் மணிக்கு வெளியே விடுவது 1.27 யூனிட். எண்பது மணி நேர இழப்பை ஒரே மூச்சில் குடித்துவிடுகிறது. உலையை வாரம் ஒருமுறை குளிரவிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் தடிமன் பேசவே கூடாது. தங்கச்சி, உங்கள் உலை ஞாயிற்றுக்கிழமை அணைகிறதா?

ஆவாரம்பூ:
அணைகிறது ஐயா. சனி இரவு நிறுத்தி, திங்கள் காலை நான்கு மணிக்குப் பற்றவைப்போம். திங்கள் எண்ணெய்க் கணக்கு எப்போதும் அதிகம். பர்னர்மேனைத் திட்டிக்கொண்டிருந்தோம், பாவம்.

சூளைத்தாத்தா:
அப்படியானால் கம்பளியை உள்பக்கம், நெருப்பின் பக்கம் வை. ஃபயர் பிரிக் முகத்தில் செராமிக் ஃபைபர் ஒட்டு. அந்தச் சூட்டில் அதன் கடத்தும் திறன் 0.2 வரை போகும். ஆகவே 50 மி.மீ.க்குத் தடை 0.25தான் கிடைக்கும். வெளிக் கம்பளியைவிட இழப்பு குறைவது குறைவு. ஆனால் ஷெல் 105 டிகிரிக்கு இறங்கும், ஃபயர் பிரிக் முகமே 716-க்கு வந்துவிடும். செங்கல் குடிப்பதும் குறையும்.

தடிமனை ஒரு எண்ணாகக் கேட்காதே, அடுத்த 50 மி.மீ. என்ன தரும் என்று கேள். முதல் 50 சதுர மீட்டருக்கு 337 வாட்டை மிச்சப்படுத்தும். அடுத்த 50 கொடுப்பது 196. அதற்கடுத்த 50, 125 மட்டும். புகையோடு பாதி வெப்பம் போகும் உலையில் சுவரில் மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் எண்ணெயில் இரண்டு மடங்காக எண்ணப்படும். உன் 20 சதுர மீட்டருக்கு முதல் அடுக்கு மணிக்கு 1.3 லிட்டர் ஃபர்னஸ் ஆயில். இரண்டாவது முக்கால் லிட்டர். மூன்றாவது அரை லிட்டர் கூட வராது. அடுக்கு ஒவ்வொன்றுக்கும் வரும் விலையோடு இதை ஒப்பிடு. எந்த அடுக்கில் காசு திரும்பிவர உங்கள் முதலாளியின் பொறுமைக்கு மேல் நாளாகிறதோ, அங்கே நிறுத்து.

கரித்தூள்:
ஒரு எச்சரிக்கை. நாங்கள் உள்ளே செராமிக் ஃபைபர் ஒட்டினோம். மூன்றே மாதத்தில் பர்னருக்கு எதிர்ப்பக்கம் பட்டையாக உரிந்து விழுந்தது. பழைய செங்கல்லில் புகையும் கண்ணாடி போன்ற மெருகும் படிந்திருந்தது, அதைச் சுரண்டாமலே பசை தடவினார்கள். பிறகு சுவர் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி ஒட்டினோம், நிற்கிறது. பர்னர் சுடர் நேராக அடிக்கும் இடத்தில் இன்றும் வெறும் செங்கல்தான். பழைய ஃபைபரைக் கிழிக்கும்போது முகமூடி இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

சூளைத்தாத்தா:
சுடர் படும் இடம் பற்றி நான் உங்களோடு உடன்படவில்லை. அடர்த்தியான ஃபைபர் பலகை வைத்தால் நிற்கும். ஆனால் பசை விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை.

கரித்தூள்:
எங்கள் பர்னரை நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா.

ஆவாரம்பூ:
கணக்கைத் தாளில் போட்டு முதலாளியிடம் காட்டினேன். 100 மி.மீ. ஒட்டலாம் என்று அவரே சொன்னார். ஆனால் சரக்கை ஏற்றி உள்ளே தள்ளும் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பக்கமும் 70 மி.மீ.தான் இடைவெளி. 100 ஒட்டினால் தட்டு உள்ளேயே போகாது. ஆக, பொருளாதாரக் கணக்கெல்லாம் போட்டும் கடைசியில் தட்டின் அகலம்தான் 50 என்று முடிவு செய்தது. வளைந்த ஷெல்லில் இரண்டு தகடுகளை வெட்டி மாற்றுகிறோம். வெளிக் கம்பளியை முழுதாக எடுத்தாயிற்று. ஷெல்லில் நான்கு இடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன், உலை திங்கள் பற்றியதும் செவ்வாய் மாலை அளப்பேன்.

வெள்ளித் தகடு:
138.