'அமல் தேதி'யா, 'தொடங்குநாளா'? அரசிதழ்ச் சுருக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும்

கயல்:
வணக்கம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்தைக் கிராம நிர்வாக அலுவலர்களுக்காக இரண்டு பக்கத்தில் சுருக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். காகிதங்களில் மூன்று தேதிகள் இருக்கின்றன: குடியரசுத் தலைவர் ஒப்புதல் 11-8-2023, அறிவிக்கை 13-9-2023, சட்டம் உண்மையில் நடப்புக்கு வந்தது 1-10-2023. பழைய வரைவில் யாரோ ஒப்புதல் நாளையே 'சட்ட நாள்' என்று போட்டிருந்தார்கள். அதை நம்பினால், செப்டம்பரில் பிறந்த குழந்தைக்கும் பள்ளியில் சேரப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம் என்று சொல்லிவிடுவார்கள். அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குத்தான் அந்தக் கட்டாயம். மூன்றாவது நாளுக்கு மயக்கமில்லாத சொல் தாருங்கள்.

இளங்கோ:
தொடங்குநாள். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். அமலும் வேண்டாம், தேதியும் வேண்டாம்.

சண்முகம்:
அமல் தமிழ்தானே ஐயா? மூங்கில் நெருங்கி வளர்ந்த மலையை 'வேய் அமல்' என்பார்கள். சட்டம் நம்மை நெருங்கி வருவதுதான் அமலுக்கு வருவது.

இளங்கோ:
அது வேறு அமல். சட்டத்தில் வருவது அரபிச் சொல், செயல் என்று பொருள். தாசில், ஜமாபந்தி எல்லாம் வந்த வழியில்தான் வருவாய்த் துறைக்குள் வந்தது. அமல்தார் என்றொரு பதவியே இருந்தது.

மல்லிகா:
என் அப்பாவுக்கு ஜூனில் வந்த ஓய்வூதிய ஆணை ஜனவரி முதல் என்றிருந்தது, நிலுவையும் கிடைத்தது. அதற்கும் இதே சொல்லா?

கயல்:
அது முன்தேதியிட்டது அம்மா. இங்கே ஆணை முதலில், நடப்பு பிறகு. ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல் நின்றால் நல்லதுதான்.

தங்கராசு:
கிராம அலுவலகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொடங்குநாள் என்றால் பதிவேட்டைத் திறந்த நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் சொல்வது 'அமலுக்கு வருது' என்றுதான். அப்புறம், சொல் சரியாக இருந்தாலும் தேதியை எதோடு ஒப்பிடுவது என்று எழுதாவிட்டால் தப்பு நடக்கும். வயது ஆதாரத்துக்குப் பிறந்த நாளைப் பார்க்க வேண்டும். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதியும் விதியும் மாறியிருக்கிறதே, 2015-இல் பிறந்த பிள்ளைக்கு 2023 நவம்பரில் மனு வந்தால்? நான் மனு நாளைத்தான் பார்ப்பேன்.

சண்முகம்:
பிறந்தது பழைய சட்டக் காலத்தில் அல்லவா?

தங்கராசு:
பிறந்தது அப்போது. அனுமதி கேட்பது இப்போது.

கயல்:
சரி, 'அமலுக்கு வரும் நாள்' என்றே போடுகிறேன். சண்முகமும் தங்கராசும் அந்தப் பக்கம். அட்டவணையில் அதற்கு அடுத்த கட்டமாக 'எந்த நாளைப் பார்க்க வேண்டும்' என்று சேர்க்கிறேன். வயது ஆதாரத்துக்கு நேராக 'பிறந்த நாள்' வரும். தாமதப் பதிவுக்கு நேரே இப்போதைக்கு வெற்றிடம். எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறேன்.

இளங்கோ:
நாள் நின்றதில் மகிழ்ச்சி. அமலை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பில் திரும்ப எழுப்புவேன்.