பிரீமியம் ஆட்டோ டெபிட் போகவில்லை, மெயிலைத் திருத்தித் தாருங்கள்

மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். மழையில் பால்வெட்டு நின்று ரப்பர் ஷீட் காசு தாமதமானதால் 5ஆம் தேதி கணக்கில் 300 ரூபாய் குறைவு, வீட்டுக்காரரின் டெர்ம் பாலிசிக்கான டெபிட் திரும்பிவிட்டது. மாதத் தவணைக்கு 15 நாள்தான் சலுகைக் காலம், அதாவது 20 வரை. இன்று 14.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நான் எழுதியது இதுதான்: “ஐயா, பணம் போகவில்லை, பாலிசியை ரத்து செய்யாதீர்கள்.”

இது கெஞ்சல் மாதிரி இருக்கிறது. பாலிசி எண், தவணைத் தேதி, தொகை, வங்கி சொன்ன காரணம் எல்லாம் சேர்க்கிறேன். அப்புறம், நான் ஆன்லைனில் கட்டிய பிறகு அவர்களும் மறுபடி டெபிட் போட்டால் இரண்டு முறை போய்விடுமே, அதையும் அடுத்த மாத மேண்டேட் உயிரோடு இருக்கிறதா என்பதையும் எப்படித் தெளிவாகக் கேட்பது? யாராவது நாலு வரியில் எழுதித் தாருங்கள்.