சிக்குக் கோலத்தைக் குடுவையில் ஏற்றுதல்: வரைய விடுவதா, கணக்கிட்டுப் பதிப்பதா?

நெளிகோடு: ஒரு சிக்குக் கோல பார்டரைச் சாய்வாக எடுத்த புகைப்படம் என்னிடம் உள்ளது. ஐந்துக்கு ஐந்து புள்ளி கொண்ட கூறு ஒன்று, பக்கவாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. படம் உருவாக்கும் மாடல் தரும் குடுவையின் மேல், ரிபீட் கெடாமல் அதை எப்படிக் கொண்டுவருவது? இரண்டாவது கூறிலேயே புள்ளிகள் ஆறாகிவிடுகின்றன, கோடும் அறுந்துவிடுகிறது.

மண்சிவப்பு: ஐபி-அடாப்டரில் புகைப்படத்தைக் கொடுத்து, கோட்டு வடிவத்தைக் கண்ட்ரோல்நெட்டில் முழு வலுவுடன் சேர்த்தால் போதும். கோடு எங்கே போக வேண்டும் என்பதைக் கண்ட்ரோல்நெட் காட்டிவிடும் என்பதால், இதற்குத் தனிக் கணக்கு தேவையில்லை.

ஊடுபாவு: இதில் பாதி சரி, பாதி ஆபத்து. ஐபி-அடாப்டரின் அடிப்படை வடிவம் மேற்கோள் படத்தை 224 பிக்சல் சதுரமாகச் சுருக்கி, வெறும் 4 டோக்கன்களாக மாற்றித்தான் மாடலுக்குத் தருகிறது. "வெள்ளை நெளிகோடு, சிவப்புத் தரை" என்ற சாயல் அதில் தங்குமே தவிர, புள்ளிக் கணக்கு தங்காது. கண்ட்ரோல்நெட் கோட்டைக் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் தட்டையான கோட்டு வடிவத்தைக் கொடுத்தால், கோலம் குடுவையைச் சுற்றி வளையாமல் தட்டையாகவே நிற்கும். வளைத்துக் கொடுக்க வேண்டுமென்றால் அந்தக் கணக்கை நீங்கள்தான் போட்டாக வேண்டும். போட்டபின் மாடலை எதற்கு மறுபடி வரையச் சொல்வது?

என் வழி இது. முதலில் கூறின் நான்கு மூலைப் புள்ளிகளைக் குறித்து, சாய்வை நிமிர்த்துங்கள். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் புள்ளி இடைவெளி ஒன்றாக இருந்தால் நிமிர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஒரு கூறை மட்டும் வெட்டி, அதைப் பாதி அகலம் நகர்த்திப் பாருங்கள். வலது ஓரத்தில் வெளியேறும் கோடு இடது ஓரத்தில் அதே உயரத்தில் நுழையவில்லை என்றால், நடுவில் முறிவு தெரியும். அதை அங்கேயே கையால் சரிசெய்துவிட வேண்டும். அடுத்து, மாடலிடம் கோலமே இல்லாத, வெள்ளைக் குடுவை ஒன்றை நேர்ப்பார்வையில் கேளுங்கள். சுற்றளவில் ரிபீட் முழு எண்ணாக வர வேண்டும். 12 என்று வைத்துக்கொள்வோம்.

```
theta = np.arcsin((x - cx) / R)
u = (12 * theta / (2 * np.pi)) % 1.0
```

குடுவையின் கழுத்து குறுகினால், R ஒவ்வொரு வரிக்கும் மாறும். கூறுகள் ஒடுங்குமே தவிர எண்ணிக்கை மாறாது.

மண்சிவப்பு: இப்படி ஒட்டினால் ஸ்டிக்கர் போல் இருக்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டீநாய்ஸ் 0.3 வைத்து ஒருமுறை மாடல் வழியே ஓட்டினால்தான் மண்ணோடு மண்ணாகக் கலக்கும்.

ஊடுபாவு: ஓரத்தைக் கவனியுங்கள். ஆரம் 200 பிக்சல் என்றால், நடுவிலிருந்து ஓரம்வரை வரும் மூன்று கூறுகளின் அகலம் 100, 73, 27 பிக்சல். கடைசிக் கூறில் புள்ளி இடைவெளி ஏறத்தாழ 5 பிக்சல்தான். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்கள் 8 பிக்சலுக்கு ஒரு கட்டமாகச் சுருக்கி வேலை செய்வதால், அந்தக் கூறு மாடலுக்குள் போனவுடனேயே குழம்பிவிடும். ஸ்டிக்கர் தோற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் வேறு: சிவப்புக் குடுவையின் மேல் வெள்ளைக் கோட்டை மல்டிப்ளையில் வைத்தால் கோடே மறையும், நார்மலில் வைத்தால் நிழல் விழாது. அதனால்தான் வெள்ளைக் குடுவை கேட்கச் சொன்னேன். சிவப்புத் தரையும் வெள்ளைக் கோடும் சேர்ந்த முழுப் பரப்பையும் அதன்மேல் மல்டிப்ளை செய்தால், நிழல் இரண்டின் மேலும் விழும். மினுக்கத்தை மட்டும் தனி அடுக்காக மேலே வையுங்கள்.

மண்சிவப்பு: நிழல் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் அளவை இரட்டிப்பாக்கினால் ஓரத்திலும் இடைவெளி 10 பிக்சலைத் தாண்டும்; அப்போது குறைந்த டீநாய்ஸில் ஓட்டுவதில் தவறில்லை என்றே இப்போதும் கருதுகிறேன்.

ஊடுபாவு: ஓட்டுங்கள், ஓரத்தை மாஸ்க் செய்துவிட்டு. முடிந்தபின் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விரலால் தொடர்ந்து பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் படத்திலும் சிக்கு அறுந்திருப்பதுண்டு.

கரைக்கட்டு: என் சிக்கல் சேலைத் துணி. பூக்கள் அடுத்தடுத்த நெடுவரிசையில் பாதி உயரம் இறங்கி வருகின்றன. நாற்காலியின் மேல் மடிப்பு விழுந்த துணியில் இந்தக் கணக்கை ஆழப்படத்தை வைத்துப் போட முடியுமா?

ஊடுபாவு: முதலில், ஒற்றைப் பூவை வெட்டாதீர்கள், இரண்டு நெடுவரிசை சேர்ந்த செவ்வகத்தைக் கூறாக எடுத்தால்தான் பாதி இறக்கம் நிலைக்கும். மடிப்புதான் கடினம். மடிப்புக்குள் ஒளிந்த துணி எவ்வளவு என்பதை ஆழப்படம் சொல்லாது. மடிப்பின் மறுபுறம் எந்தப் பூ வெளிவர வேண்டும் என்பது அந்த அளவைப் பொறுத்தது. முப்பரிமாண மென்பொருளில் துணியை விழவைத்து, அங்கேயே பூவை ஏற்றிவிடுவேன்.

நெளிகோடு: நிமிர்த்திப் பார்த்தேன், முதல் வரிசையும் கடைசி வரிசையும் பொருந்துகின்றன. நகர்த்தியபோது நடுவில் ஒரே ஓர் இடத்தில் கோடு இறங்கி நிற்கிறது.

கரைக்கட்டு: முப்பரிமாண மென்பொருள் என்னிடம் இல்லை. மடிப்புக்கு மடிப்பு தனியாக மாஸ்க் செய்து, கூறைக் கண்ணளவில் நகர்த்தி வைத்தால் ஒத்துக்கொள்வார்களா என்று நெசவு தெரிந்த யாராவது சொல்லுங்கள்.